நானூறு துக்கக்காரரும் ஒரு வெண்பாவும்

யாழ்ப்பாணத்திலே ஒருவர் சிவபதமடைந்தால் 31ஆம் நாள் அந்தியேட்டியன்று, வந்திருக்கும் உறவினர் கையிலே கொடுக்கப்படும் சிறு நூலுக்குக் கல்வெட்டு என்று பெயர் என்பதும், தேவார திருவாசகங்களும் மறைந்தவரின் சரித்திரச் சுருக்கமும் வம்சாவளியும், மக்களும் மருமக்களும் தனித்தனியே புலம்பும் பாக்களும் அதனுள் அடங்கும் என்பதும் இவ்வூர் வாசகர் அறிந்தவையே. அந்நூலை எழுதிப் பக்கம் அமைத்து அச்சகத்துக்கு அனுப்புவது என் ஜீவனோபாயம்.

மரணச் சடங்குகளைப் பந்தல் முதல் பாயசம் வரை ஒப்பந்தமாக நடத்தித்தரப் புதிதாகத் தொழில் தொடங்கியிருந்த இளைஞர் ஒருவர், ஒரு நாள் மிக்க விநயத்தோடு என் திண்ணையில் வந்தமர்ந்தார்.

“மாஸ்டர், முதல் கல்வெட்டை மட்டும் மாதிரிக்குச் சும்மா செய்து தாருங்கோ. 400 பேருக்குக் குடுப்பம். பின்னட்டையிலை உங்கட பேர் வரும். பிறகு பாருங்கோ, ஊரெல்லாம் உங்களைத்தான் தேடும்.”

அந்த நானூறு பேரைப் பற்றி நான் சற்றே ஆலோசித்தேன். அவர்களுள் ஒருவர் என்னைத் தேடி வரவேண்டுமாயின் அவர் வீட்டிலே முதலில் ஒரு சாவு நிகழ்ந்தாக வேண்டும். இந்த விளம்பரம் சீக்கிரம் பலிக்கட்டும் என்று நல்லூர்க் கந்தனிடம் நேர்ந்துகொள்வது எந்த மனுஷனுக்கும் அடுக்காது. அப்படியே நிகழ்ந்தாலும், இழவு வீட்டுக்காரர் பழைய கல்வெட்டின் பின்னட்டையைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார், ஒப்பந்தகாரரைத்தான் அழைப்பார். ஒப்பந்தகாரரோ என்னைச் சும்மா செய்துகொடுத்த மனுஷனாகவே ஞாபகம் வைத்திருப்பார்.

கேட்பவருக்கு இது நாலு வரி எழுதும் காரியமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அந்த நாலு வரியில் முதன்மையானது திதி வெண்பா. மறைந்தவர் எந்த வருஷம், எந்த மாதம், எந்தப் பக்ஷத்தில், எந்தத் திதியில் மறைந்தார் என்பதை அது சொல்ல வேண்டும். அதைப் பார்த்தே பிள்ளைகள் ஆண்டுதோறும் சிராத்தம் செய்வர். இளைஞர் கொண்டுவந்த கடுதாசியில், பெரியவர் டொரொன்டோவில் ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்குக் காலமானார் என்று மட்டுமே இருந்தது. அவ்வேளை இங்கே புதன்கிழமை காலை ஐந்தரை மணி. நம்முடைய பஞ்சாங்கத்தில் செவ்வாய் இரவு எட்டு மணியைப் பார்த்தால் தசமி, புதன் காலையைப் பார்த்தால் ஏகாதசி. பஞ்சாங்கமும் நம்மூரில் ஒன்றல்ல. வாக்கியமும் திருக்கணிதமும் திதி முடியும் வேளையிலே சில மணி நேரம் வேறுபடுமாதலால், அந்தக் குடும்பம் எதைக் கைக்கொள்வது என்பதையும் கேட்டறிய வேண்டும். இவ்வளவும் தெளிந்த பின்னரே தளை தட்டாமல் நாலடி கட்டலாம். வெண்பாவின் ஈற்றடி நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றால் முடியவேண்டுமென்று யாப்பிலக்கணமே விதித்திருக்கிறது. இலக்கணகாரர் காசை ஈற்றில் வைத்தார்கள், நான் முதலிலேயே கேட்கிறேன், பேதம் அவ்வளவே.

வந்தவரைக் கடிந்து அனுப்ப எனக்கு மனமில்லை. பழைய கல்வெட்டுகள் இரண்டை, உரிய குடும்பத்தாரின் சம்மதம் பெற்று வைத்திருந்தவற்றை, எடுத்துக் கொடுத்துச் சொன்னேன்:

“தம்பி, மாதிரி பார்க்க இவை போதும், இதுக்குக் காசில்லை. புதுசாச் சும்மா செய்யிறது எனக்குக் கட்டாது. என்னை நம்பலாமோ எண்டு பார்க்கவேணுமெண்டால் சின்னதாத் தொடங்குவம். ஒரு தாளை மடிச்சால் நாலு பக்கம். முகப்பு, படம், திதி வெண்பா, சரித்திரச் சுருக்கம். அதுக்கு 5,000 ரூபா, பாதி முன்பணம். விபரம் முழுக்க வந்து நாலாம் நாள் தருவன். ஒருதரம் திருத்தலாம். பிடிச்சால் முழுக் கல்வெட்டுக் கூலியிலை இந்த 5,000ஐக் கழிச்சுவிடுவன். பிடிக்காட்டில் நாலு பக்கமும் உங்களுக்கு, மிச்சக் காசைத் தந்திட்டு நீங்கள் வேறை ஆளைப் பார்க்கலாம்.”

இளைஞர் சற்று நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். முன்பணம் வாடிக்கையாளரிடமிருந்தே வரக்கூடியது என்பதும், தம்முடைய விலைப்பட்டியலில் கல்வெட்டுக்கென்று ஒரு தொகை முன்னமே எழுதியிருக்கிறது என்பதும் அப்பொழுது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பாயசக்காரரிடம் முதல் அண்டாவைச் சும்மா கேட்டீரோ என்று வினவ நாவு துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

முன்பணம் மறுநாளே வந்தது. நாலு பக்கமும் போய், முழு வேலையும் 32 பக்கத்துக்கு என் கைக்கு வந்து, எல்லாம் செம்மையாய் முடிந்த தறுவாயிலே, இலண்டனிலிருந்து இளைய மருமகன் தாம் இயற்றிய புலம்பல் ஒன்றை அனுப்பி, மூத்த மருமகனுடையதற்கு முன்னே அது வரவேண்டும் என்றார். நடுவிலே கம்பி குத்தும் நூலில் பக்கங்கள் நான்கு நான்காகவே கூடும். 33ஆம் பக்கம் வேண்டுமாயின் 36க்குக் காசு கட்ட வேண்டும். இதை நான் சொல்ல வாயெடுக்குமுன்னே, ஒப்பந்தகார இளைஞர் தொலைபேசியில் மருமகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: “அண்ணை, திருத்தம் ஒருதரம்தான் சும்மா; இது இரண்டாவது.”