நோட் போடுகிறவர்

மத்திய அரசு கல்வி நிறுவனம் எதற்குள் நுழைந்தாலும் துறைக்கு ஒருவர் இப்படி இருப்பார். பதவி சூப்பிரண்டென்ட். உண்மையான உத்தியோகம், பேராசிரியர்கள் எழுதிய இண்டெண்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதித் தருவது.

பேராசிரியர் எழுதிக்கொண்டு வருவதோ மூன்றே வரி. 'லேப் யூபிஎஸ் பேட்டரி மிக மிக அவசரம். நல்ல கம்பெனி, சிறந்த தரம். உடனே வாங்கித் தரவும்.' நம்மவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படிப்பார்.

"சார், 'மிக மிக' ரெண்டு தடவை இருக்கு. எத்தனை பேட்டரின்னு ஒரு தடவைகூட இல்லையே?"

அவருக்கு இண்டெண்ட் என்பது கடிதம் அல்ல. கையெழுத்துப் போடுகிற ஒவ்வொருவரும் கேட்கப்போகும் கேள்விக்கு முன்கூட்டியே எழுதிய பதில். 'ரிமார்க்ஸ்' என்று சிவப்பு மையில் ஒரு கேள்வி விழுந்தால் ஃபைல் கீழே இறங்கி மறுபடி ஏறப் பத்து நாள் ஆகும் என்பது அவர் கணக்கு. அந்தக் கேள்வி பிறப்பதற்குள் அதன் வாயை அடைத்துவிட வேண்டும்.

முதலில் தேவை. துறைத் தலைவர் "எல்லாத்தையுமா மாத்தணும்? கெட்டுப்போனதை மட்டும் மாத்தினா போதாதா?" என்று கேட்பார். அதனால் நம்மவர் டெக்னீஷியனை அனுப்பி, லோடு கொடுத்து ஒவ்வொரு பேட்டரியையும் அளக்கச் சொன்னார். 16 பேட்டரிகளில் ஐந்து 10.5 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தன. நோட்டில் எழுதினார்: '2019-இல் வாங்கியவை. அரைமணி நேரம் தாங்கிய பேக்கப் இப்போது நான்கு நிமிடம். 16-ம் ஒரே வரிசையில் இணைந்தவை. பழையதோடு புதியதைச் சேர்த்தால் பலவீனமானவை புதியவற்றின் உழைப்பையும் கெடுக்கும். எனவே முழுத் தொகுதி தேவை.' அளவுத்தாள் இணைப்பு. 'அவசரம்' என்ற சொல்லே கிடையாது. நான்கு நிமிடம் என்பதைப் படித்தவருக்கு அது தானாகவே புரியும்.

அடுத்து ஸ்பெசிஃபிகேஷன். பேராசிரியர் ஒரு கம்பெனி பிரசுரத்தை அப்படியே நகல் எடுத்து இணைத்திருந்தார். கைப்பிடியின் நிறம் உட்பட.

"சார், இந்தக் கறுப்புக் கைப்பிடியை வச்சே ஆடிட்காரன் கம்பெனி பேரைச் சொல்லிடுவான்."

மிஞ்சியது இவ்வளவுதான்: பராமரிப்புத் தேவையற்ற சீல் செய்த ஈய-அமில வகை, 12 வோல்ட், 42 ஆம்பியர்-மணி, 16 எண்ணம், பொருத்தித் தருவது, உத்தரவாதக் காலம், பழையவற்றைத் திருப்பி எடுத்துக்கொள்வது. பேட்டரியின் உயரம் மட்டும் மில்லிமீட்டரில் இருந்தது. பக்கத்திலேயே காரணம்: 'இருக்கும் ரேக்கில் அடங்க வேண்டும்.' காரணம் எழுதினால் தேவை. எழுதாவிட்டால் யாருக்கோ தைத்த சட்டை.

மதிப்பீடு ஜிஎஸ்டியோடு சுமார் 85,000 ரூபாய். பேராசிரியர் குரலைத் தாழ்த்தினார். "எட்டு எட்டா ரெண்டு இண்டெண்ட் போட்டா மேலே போகாமலே முடிஞ்சிடுமே?" நம்மவர் கையில் பொதுநிதி விதிகள் 2017 வந்துவிட்டது. விதி 157 இருந்த பக்கத்தின் முனை மடிந்திருந்தது. மேலிடத்து அனுமதியைத் தவிர்க்கத் தேவையைத் துண்டு போடக் கூடாது என்கிற இடம். ஒரே வரிசை என்று நோட்டிலேயே எழுதியிருக்கும்போது பாதி வரிசைக்கு இண்டெண்ட் எப்படிப் போவது?

அவர் உண்மையில் ரசித்துச் செய்வது பட்ஜெட் ஹெட்தான். பேராசிரியர் எக்யுப்மென்ட் என்று போட்டிருந்தார். அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் அங்கேயே பிடிக்கும்: யூபிஎஸ்தான் சொத்து, பேட்டரி அதில் தேய்கிற பாகம், பாகத்தை மாற்றுவது பராமரிப்பு. புதிய யூபிஎஸ்ஸோடு சேர்த்து வாங்கியிருந்தால் கதை வேறு. ஹெட்டைத் திருத்தியதோடு விடவில்லை. 'ஒதுக்கீடு 3 லட்சம். செலவு 1.4 லட்சம். ஆர்டர் போட்டுப் பில் வராதது 50 ஆயிரம். மீதி 1.1 லட்சம்.' மூன்றாவது எண்ணைப் பலர் மறப்பார்கள். ஆர்டர் போன பணம் காகிதத்தில் இருக்கும், கையில் இருக்காது. அதை மறைத்து மீதி காட்டுகிறவரின் அடுத்த ஃபைலை அக்கவுண்ட்ஸ் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும்.

எல்லாம் ஒரே பக்கம். "ரெண்டாம் பக்கத்தைத் திருப்புறவர் அதுல ஏதாவது தேடுவார் சார்" என்பது அவர் கொள்கை.

ஃபைல் நான்கே நாளில் கையெழுத்துகளோடு திரும்பியது. பேராசிரியருக்குப் பரவசம். அந்த நோட்டை நகலெடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் மைக்ராஸ்கோப்புக்குத் தானே இண்டெண்ட் எழுதினார். பொருளின் பெயரையும் விலையையும் கவனமாக மாற்றினார். மறுநாளே ஃபைல் சிவப்பு மையோடு இறங்கியது: 'மைக்ராஸ்கோப்பை 16 பேட்டரியோடு ஒரே வரிசையில் இணைக்க வேண்டியதன் அவசியத்தைத் தெரிவிக்கவும்.'