எந்தத் தளத்தில் படிக்கட்டும் பிள்ளை?

1973-ல் நான் ஒன்பதாம் வகுப்பு. அப்பாவுக்கு மத்திய அரசு உத்தியோகம். தில்லி மோதி பாக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எங்கள் பள்ளியில் ஒரு டிவி இருந்தது. மரப்பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். சாவி அறிவியல் ஆசிரியரிடம் இருக்கும்.

தில்லியில் டிவி ஒளிபரப்பு தொடங்கியது 1959-ல். அதை அப்போது ஆல் இந்தியா ரேடியோதான் நடத்தியது. இரண்டே ஆண்டுகளில், 1961 அக்டோபரில், ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு தில்லிப் பள்ளிகளுக்கென்று பாட ஒளிபரப்பும் ஆரம்பமானது. இயற்பியல், வேதியியல் போன்ற பாடங்கள், பாடத்திட்டத்தை ஒட்டியே வரும். எந்த நாளில் எந்தப் பாடம் என்ற அட்டவணை முன்கூட்டியே வகுப்பில் தொங்கும். டிவியைப் போடுவதற்கு முன் ஆசிரியர், இன்று என்ன வரப்போகிறது, எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்வார். அணைத்த பிறகு கேள்வி கேட்பார். புரியாதவன் எழுந்து நின்றால் அந்த இடத்தைக் கரும்பலகையில் மறுபடி போட்டுக் காட்டுவார்.

அந்த ஏற்பாட்டிலும் குறைகள் இருந்தன. பாடத்தை ஒருமுறை தவறவிட்டால் போனதுதான். மின்சாரம் நின்றால் அன்றைய பாடமே கிடையாது. ஆனால் திரையில் வந்ததை ஆசிரியரும் எங்களோடு உட்கார்ந்து பார்த்தார். கைட் புத்தகத்துக்கும் இதே கதைதான். நயீ சடக்கில் வாங்கிவந்த கைடில் தப்பான விடைகள் இருக்கும். வகுப்பில் பாதிப்பேரிடம் அதே கைடு இருந்ததால், எந்தப் பக்கத்தில் என்ன தப்பு என்பது ஆசிரியருக்கு அத்துப்படி. ஒரே தப்பை இருபது நோட்டில் பார்த்தவர் அடுத்த நாளே வகுப்பில் திருத்திவிடுவார்.

இன்று என் மகளும் மத்திய அரசுப் பணியில், அதே மோதி பாக்கில் இருக்கிறாள். பேரன் ஆறாம் வகுப்பு. சில வாரங்களுக்கு முன் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில், காந்தம் பற்றிய பாடத்தை 'நெட்டில் பார்த்துவிட்டு வரவும்' என்று ஒரு செய்தி வந்தது. எந்தத் தளம் என்று சொல்லவில்லை. பேரன் தேடினான். முதலில் வந்த பக்கத்தைத் திறந்து, கேள்வி-பதிலை நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டான்.

நான் எட்டிப் பார்த்தேன். பக்கத்தின் தலைப்பில் 'ஆறாம் வகுப்பு அறிவியல், பாடம் 13' என்று இருந்தது. அவன் புத்தகத்தைப் புரட்டினால் மொத்தமே 12 பாடங்கள்தான். விஷயம் இதுதான்: என்.சி.இ.ஆர்.டி. 2024-ல் ஆறாம் வகுப்புக்குக் 'க்யூரியாசிட்டி' என்ற புதிய அறிவியல் புத்தகத்தைக் கொண்டுவந்தது. அதில் காந்தம் நான்காம் பாடம். பழைய புத்தகத்தில் 16 பாடங்கள். அங்கே காந்தம் பதின்மூன்றாவது. பழைய பாடத்துக்கு எழுதிய கேள்வி-பதில்கள் பல தளங்களில் இன்னும் அப்படியே கிடக்கின்றன. பையன் எழுதிய விடைகளில் அறிவியல் தப்பில்லை. ஆனால் அவன் புத்தகத்தில் இல்லாத கேள்விகளுக்கு விடை எழுதிக்கொண்டிருந்தான். புதிய புத்தகம் செய்துபார்க்கச் சொல்லும் சோதனைகளின் பக்கமே அவன் போகவில்லை.

"அப்பா, முப்பது பிள்ளைகள் முப்பது பக்கத்தைப் பார்த்துட்டு வந்தா, டீச்சர் எதைன்னு திருத்துவாங்க?" என்றாள் மகள்.

அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. ஆபாசமும் வன்முறையும் பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது என்ற கவலை எல்லோருக்கும் உண்டு. அதற்கு வடிகட்டும் வசதிகளும் ஓரளவு இருக்கின்றன. ஆனால் பிள்ளை பார்க்கும் பக்கத்தை ஆசிரியர் ஒருமுறையாவது பார்த்திருக்கிறாரா என்பதற்கு எந்த வடிகட்டியும் உதவாது. பள்ளி பார்த்துச் சரிசொன்ன பட்டியல் ஒன்றுதான் அதற்கு வழி.

அதைக் கேட்டு எழுதுவது என்று முடிவானது. வெறுமனே 'நல்ல தளங்களைச் சொல்லுங்கள்' என்று எழுதினால், நாற்பது கல்வித் தளங்களின் பெயர்களை அடுக்கி ஒரு தாள் வரும். அதனால் யாருக்கும் பயனில்லை. எதைப் பார்த்துச் சரிசொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதற்காக இரண்டு மூன்று தளங்களை நாங்களே பரிசோதித்துப் பார்த்தோம்.

முதலில் முகவரி. என்.சி.இ.ஆர்.டி.யின் தளம் `ncert.nic.in`. கடைசியில் வரும் `nic.in`, `gov.in` இரண்டும் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைப்பவை. வெறும் `.in`, `.org`, `.com` யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம். என்.சி.இ.ஆர்.டி. என்ற பெயரைத் தலைப்பில் போட்டுக்கொண்டு, பாடத்துக்கு நடுவே விளம்பரமாக ஒரு 'டவுன்லோட்' பொத்தானையும் வைத்திருக்கும் தனியார் பக்கங்கள் ஏராளம். உண்மையான தளத்தில் ஒவ்வொரு பாடமும் தனிக் கோப்பாக இலவசமாகக் கிடைக்கிறது. காந்தப் பாடத்தின் கோப்பு `fecu104.pdf`. முதல் எழுத்து ஆறாம் வகுப்பையும், இரண்டாவது ஆங்கில வழியையும், `cu` புத்தகத்தையும், கடைசி இரண்டு இலக்கங்கள் பாட எண்ணையும் குறிக்கும். பழைய புத்தகக் கோப்புகளில் `cu` இருந்த இடத்தில் `sc` இருந்தது.

அடுத்து, தளம் பிள்ளையிடம் என்ன கேட்கிறது என்பது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்தும் `phet.colorado.edu`-வில் ஒரு சட்டக்காந்தத்தைத் திரையில் நகர்த்தினால், பக்கத்திலுள்ள திசைகாட்டியின் முள் திரும்புவதைப் பார்க்கலாம். இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் ஆரம்பித்த முயற்சி அது. மாணவர் பெயர் கொடுக்க வேண்டாம், கட்டணம் இல்லை, விளம்பரமும் இல்லை. பேரன் அதில் அரைமணி நேரம் காந்தத்தைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு தளமோ முதல் படம் ஓடுவதற்கு முன்பே செல்பேசி எண்ணைக் கேட்டது. கொடுத்திருந்தால் மாலைக்குள் விற்பனை அழைப்பு வந்திருக்கும். 'இலவசமாகப் பார்க்கலாம்' என்று சேரச்சொல்லி, பிறகு வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் முறை பற்றி மத்திய கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோரை எச்சரித்திருக்கிறது.

அரசு முகவரி என்பதாலேயே எல்லாம் முடிந்துவிடுவதில்லை. 2017-ல் வந்த 'தீக்ஷா' அரசுத் தளம்தான். புத்தகத்திலுள்ள கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கே கொண்டுபோய் விடுகிறது, பெரிய வசதி. ஆனால் அதன் செயலியால் பிள்ளை இருக்கும் இடத்தைத் துல்லியமாக அறிய முடியும் என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2022 மே மாத அறிக்கையில் சொன்னது. செயலிக்கு எந்தெந்த அனுமதியைக் கொடுக்கலாம் என்பதையும் பள்ளி ஒரு வரியில் சொன்னால் பெற்றோருக்குத் தெளிவாக இருக்கும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் தேவை என்கிறது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு மகள் எழுதிய கடிதம் இது:

"மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் பார்த்துப் படிக்கத்தக்க இணையதளங்களின் பட்டியல் ஒன்றைத் தந்து உதவும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரு பாடத்துக்கு இரண்டு தளங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் எதிரில் இந்த நான்கும் இருந்தால் நல்லது: சுருக்காத முழு முகவரியும் நடத்துபவர் யார் என்பதும், இப்போதைய புத்தகத்தின் எந்தப் பாடத்துக்கு உதவும் என்பது, பெயர், செல்பேசி எண், பணம் ஆகியவற்றில் எதையாவது கேட்கிறதா என்பது, எந்த ஆசிரியர் எந்தத் தேதியில் பார்த்தார் என்பது.

ஆசிரியர்களின் வேலைப்பளு தெரிந்தே கேட்கிறேன். விளம்பரம், கட்டணம், செல்பேசி எண் கேட்பது ஆகியவற்றைச் சோதித்துத் தரப் பெற்றோரில் சிலர் தயாராக இருக்கிறோம். பாடம் சரியா என்பதை மட்டும் ஆசிரியர்கள் பார்த்துச் சொன்னால் போதும். பட்டியலிலுள்ள ஒரு தளம் பின்னால் மாறிப்போனால் அதற்குப் பள்ளி பொறுப்பல்ல என்பதை உணர்வோம். மாற்றம் கண்ணில் பட்டால் உடனே தெரிவிப்போம். பருவத்துக்கு ஒருமுறை பட்டியலைப் புதுப்பித்து, நாட்குறிப்பில் ஒட்டும்படி அச்சிட்டுத் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு, தங்கள் பள்ளி மாணவனின் தாய்."

பொறுப்பு பற்றிய அந்த வரி கட்டாயம் இருக்க வேண்டும். பட்டியல் கொடுத்துவிட்டு நாளை ஏதாவது ஆனால் பழி தங்கள் தலையில் விழும் என்ற பயத்தில்தான் பள்ளிகள் தயங்குகின்றன. தேதி கேட்டதற்கும் காரணம் உண்டு. நடத்துபவர் கட்டணம் கட்டாமல் விட்டால் முகவரி காலாவதியாகிவிடும். அதை வேறொருவர் வாங்கி அங்கே எதை வேண்டுமானாலும் வைக்கலாம். போன வருஷம் பார்த்த தளத்தை இந்த வருஷமும் பார்த்ததாகக் கொள்ள முடியாது. அச்சில் கேட்டது ஏன் என்றால், வாட்ஸ்அப் குழுவில் வரும் இணைப்பு மறுநாளே பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் போய்விடும்.

பத்து நாளில் பதில் வந்தது. எல்லாப் பாடங்களுக்கும் இப்போது முடியாது, அறிவியலுக்கும் கணிதத்துக்கும் முதலில் தருகிறோம் என்றார்கள். நான்கு தளங்கள், எதிரில் பாட எண்கள், கீழே இரண்டு ஆசிரியர்களின் கையெழுத்து, தேதி. கால் பக்கம்தான். ஆனால் காந்தப் பாடத்தன்று வகுப்பில் எல்லோரும் ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். முள் ஏன் அந்தப் பக்கம் திரும்பியது என்று ஆசிரியர் கேட்டபோது பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொன்னதாகப் பேரன் சொன்னான்.

உங்கள் வீட்டிலும் பள்ளிப் பிள்ளை இருந்தால், அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குக் காத்திராமல் இப்படி ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரு பாடத்தோடு ஆரம்பித்தால் போதும். முகவரி, புத்தகம், கேட்கும் தகவல், பார்த்தவர் பெயரும் தேதியும் என்ற நான்கை மட்டும் விட்டுவிடாமல் கேளுங்கள். சோதிக்கும் வேலையில் பாதியை நாங்கள் செய்கிறோம் என்று எழுதுங்கள். எழுதியபடி செய்தும் கொடுங்கள்.