பதின்மூன்று நாள் மூப்பு

கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவனுக்குத் தெருவில் ஒரு மரியாதை மிஞ்சும். யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் வெள்ளைத்தாளோடு நம் வாசலில் வந்து நிற்பார்கள். 2024 ஜூன் மாதக் கடைசியில் எதிர்வீட்டுக்காரர் வந்தபோது தாள் வெள்ளையாக இல்லை. நான்கு பக்கம் எழுதியே கொண்டுவந்திருந்தார்.

"முதல்வருக்கு லெட்டர், அண்ணே. பையனுக்கு வயசு தாண்டிருச்சுன்னு பி.காம். அப்ளிகேஷனைத் தள்ளி வச்சிட்டாங்க. நீங்க சும்மா ஒரு பார்வை பாத்தா போதும்."

பார்த்தேன். முதல் பக்கத்தில் பையன் இருமினான். இரண்டாம் பக்கத்தில் குடும்பமே அழுதது. மூன்றாம் பக்கத்தில் பழனிக்கு நேர்ந்துகொண்டார்கள். நான்காம் பக்கம் முழுக்க முதல்வரின் கருணை உள்ளம். அந்தக் கல்லூரி முதல்வரை எனக்கு நன்றாகவே தெரியும் என்பதால் நான்காம் பக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுகிறேன். இத்தனைக்கும் நடுவே பையன் பிறந்த தேதி ஓரிடத்திலும் இல்லை. வயதுத் தளர்வு கேட்கிற கடிதத்தில் வயது மட்டும் இல்லை!

இந்தமாதிரிக் கடிதங்களை முதலில் படிப்பவர் முதல்வர் அல்ல, சேர்க்கைப் பிரிவு எழுத்தர். எதிரே நூறு விண்ணப்பம், பக்கத்தில் ஆறிப்போன டீ. அவர் தேடுவது மூன்றே மூன்று: பிறந்த தேதி, விதி குறிப்பிடும் தேதி, எவ்வளவு தாண்டுகிறது. அது கிடைக்காவிட்டால் கடிதம் கோப்பின் அடியில் போய் ஓய்வெடுக்கும். இருமல் அவர் காதில் விழாது.

"கையேடு இருக்கா?" என்றேன். இருந்தது, மடிப்புக் கலையாமல். அதில், ஜூலை 1 அன்று 21 வயது முடிந்திருக்கக் கூடாது என்று போட்டிருந்தது. பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தார், பெண்கள் ஆகியோருக்கு மூன்று ஆண்டும், மாற்றுத் திறனாளிகளுக்கு ஐந்து ஆண்டும் தளர்வு உண்டு. இந்த வரியைப் படிக்காமல் கடிதம் எழுத ஓடுகிறவர்கள்தான் அதிகம். என் காலத்தில் வந்த மனுக்களில் பாதிக்கு 'சாதிச் சான்றிதழை இணைக்கவும்' என்பதோடு வேலை முடிந்துவிடும். ஆனால் இந்தப் பையன் பொதுப்பிரிவு. ஆக, கடிதம் எழுதித்தான் ஆக வேண்டும்.

பிறந்த தேதி 18.6.2003. ஜூலை 1-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 21 ஆண்டு, 13 நாள். "பதிமூணு நாளா? இதுக்குப் போயா நாலு பக்கம் எழுதுனேன்!" என்று அவரே தலையில் கைவைத்துக்கொண்டார்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. நோயால் ஒரு வருஷம் போனவன் 21-ஐத் தொடவே முடியாது. ஐந்து ஆறு வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவன் பதினேழு பதினெட்டில் பிளஸ் டூ முடிப்பான். ஒன்றைக் கூட்டினால் பத்தொன்பது. எழுத்தர் விரலை மடக்கி, "மீதி ரெண்டு வருஷம் எங்கே?" என்று கேட்பார். கேட்டேன். எதிர்வீட்டுக்காரர் விட்டத்தைப் பார்த்தார். பத்தாவது முடித்ததும் 2019-இல் பையன் கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறைக்குப் போய்விட்டான். இரண்டு வருஷம் கழித்துத்தான் பதினொன்றில் சேர்ந்தான். "அதை எழுதுனா கேவலமில்லையா அண்ணே? அதையும் நோய்க் கணக்கிலேயே சேர்த்துருங்களேன்."

சேர்க்கலாம்தான். ஆனால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் மாற்றுச் சான்றிதழிலும் ஆண்டு இருக்கிறதே. மறைத்தால் மொத்தக் கடிதத்தின் மேலும் சந்தேகம் விழும். ஒரே வரியில் சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. ஏனென்றால் அந்த இரண்டு வருஷத்துக்குப் பிறகும் பையன் வரம்புக்கு உள்ளேதான் இருந்தான். வெளியே தள்ளியது மூன்றாவது வருஷம். அந்த மூன்றாவதுக்குத்தான் நாம் தளர்வு கேட்கிறோம்.

அடுத்து நோயின் பெயர். நான்கு பக்கத்திலும் 'ஒருவிதக் காய்ச்சல்' என்றே இருந்தது. "என்ன காய்ச்சல்?" குரலைத் தணித்து, தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு, "டி.பி." என்றார். வகுப்பில் பக்கத்தில் உட்கார மாட்டார்களே என்ற பயம். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் காய்ச்சலுக்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டதாக எழுதினால் எந்த அலுவலகமும் நம்பாது. காசநோய் என்று எழுதினால் ஆறு மாதம் என்பது இயல்பான கணக்கு: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. கூடவே 'சிகிச்சை முழுமையாக முடிந்தது' என்று அரசு மருத்துவமனை எழுதிக் கொடுத்த தாள். பக்கத்து பெஞ்சுக்காரனின் பயத்துக்கும் மருந்து அதுதான்.

சிகிச்சை அட்டை பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து வந்தது. 2022 நவம்பரில் தொடக்கம், 2023 மே மாதம் முடிவு. மாதாமாதம் போட்ட குறிப்புகள், ஒரு மூலையில் ரசக்கறை. அந்தக் கறைக்காகவே எனக்கு அதைப் பிடித்துவிட்டது. இன்றைக்குப் போய் வாங்கி வந்த சான்றிதழில் ரசக்கறை இருக்காது. ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய நோய்க்குப் போன வாரத் தேதியிட்ட சான்றிதழைப் பார்த்தால் எழுத்தர் புருவம் தானாக உயரும்.

இதற்குப் பிறகும் ஒரு ஓட்டை. மருந்து ஆறு மாதம், போனது பன்னிரண்டு மாதம். ஜூனில் துணைத் தேர்வு வருகிறதே, அதை ஏன் எழுதவில்லை? இதற்குப் பதில் டாக்டரிடம் இல்லை, பள்ளி வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து மருத்துவமனையில் கிடந்தவன், வேலை நாள்களில் பாதிகூடப் பள்ளிக்குப் போகவில்லை. செய்முறைத் தேர்வும் இல்லை. ஆகவே 2023 ஜூனில் பன்னிரண்டாம் வகுப்பை முதலிலிருந்து படித்தான். தலைமையாசிரியர் கையெழுத்தோடு இது ஒரு தாளில் வந்ததும் கணக்கு நேரானது.

கடைசியில் கடிதம் ஒரு பக்கம்கூட வரவில்லை. "பிறந்த தேதி 18.6.2003. 1.7.2024 அன்று 21 ஆண்டு 13 நாள். 2019-இல் பத்தாம் வகுப்பு முடித்தபின் இரண்டு ஆண்டு பட்டறை வேலைக்குச் சென்றேன். காசநோய்ச் சிகிச்சையால் வருகை குறைந்து பன்னிரண்டாம் வகுப்பை மீண்டும் படிக்க நேர்ந்தது. நோய் வராதிருந்தால் 1.7.2023 அன்று 20 ஆண்டு 13 நாள் வயதில் விண்ணப்பித்திருப்பேன். 13 நாள் தளர்வு வழங்க, இவ்விண்ணப்பத்தைத் தங்கள் பரிந்துரையுடன் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி வைக்கவும், முடிவு வரும்வரை நிராகரிக்காமல் நிலுவையில் வைக்கவும் வேண்டுகிறேன்."

கடைசி வாக்கியம்தான் உயிர். விதியைப் போட்டவர் முதல்வர் அல்ல, அதனால் தளர்த்தவும் அவரால் முடியாது. 'தளர்வு தாருங்கள்' என்று அவரைக் கேட்டால், 'எனக்கு அதிகாரமில்லை' என்று எழுதி நிம்மதியாகத் திருப்பிவிடுவார். 'அனுப்பி வையுங்கள்' என்று கேட்டால் மறுக்க வழியில்லை. முப்பது வருஷம் அந்த நாற்காலிக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

"கருணை உள்ளம் ஒரு வரியாவது?" என்று எதிர்வீட்டுக்காரர் கெஞ்சினார். 'இப்படிக்கு'வுக்கு மேலே 'நன்றியுடன்' சேர்த்துக்கொள்ள அனுமதித்தேன்.

ஆகஸ்டில் ஆணை வந்தது, பையன் சேர்ந்துவிட்டான். போன மாதம் அவர் மறுபடி வந்தார், மறுபடி நான்கு பக்கம். வருகை 75 சதவீதம் வேண்டுமாம், பையனுக்கு 68. மருத்துவச் சான்றும் கட்டணமும் கொடுத்தால் மன்னித்துத் தேர்வெழுத விடுவார்களாம். என்ன நோய் என்று கேட்டேன். கிரிக்கெட் என்று பையனே உள்ளேயிருந்து சொன்னான்.

அப்பா கொஞ்சமும் அசரவில்லை. "அந்தப் பழைய சிகிச்சை அட்டை பீரோவில் பத்திரமாத்தான் இருக்கு, அண்ணே."