படகு நேரமும் பந்தி நேரமும்

1980களில் வேலணை வங்களாவடிச் சந்தியில் அப்பா நடத்திய சாப்பாட்டுக் கடைக்கு முற்பதிவைக் கொண்டுவந்தது குறிகட்டுவான் பஸ்தான். "அண்ணை, நாளைக்கு நெடுந்தீவுக்கு எட்டுப் பேர் போகினம். திரும்பி வரேக்கை இஞ்சைதான் சாப்பாடு" என்று கண்டக்டர் படியில் நின்றபடி சொல்லிவிட்டுப் போவார். அப்பா எங்கேயும் எழுதிவைக்க மாட்டார், அரிசியைக் கொஞ்சம் கூட்டிப் போடுவார். அந்த எட்டுப் பேரும் வராவிட்டால் அடுத்த பஸ்ஸில் வருகிறவர்கள் அதே சோற்றையும் கறியையும் சாப்பிடுவார்கள். நீள வாங்குகளில் யாரும் யாருக்குப் பக்கத்திலும் இருக்கலாம். அதனால் வராமல் போனவர்களால் கடைக்குப் பெரிய நட்டமில்லை.

1990 இல் இடம்பெயர்ந்தோம். பல வருடங்கள் கழித்துத் திரும்பிவந்து, சாட்டிக் கடற்கரைக்குப் போகிற வழியில் நான் தொடங்கிய சிறு உணவகத்தில் நாலு பேர் மேசை நாலும் இரண்டு பேர் மேசை இரண்டும் இருக்கின்றன. முற்பதிவு வாட்ஸ்அப்பில் வருகிறது. ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து வருகிற குடும்பங்கள் கேட்பது பெரும்பாலும் ஒடியல் கூழ்.

இருபது கதிரை இருப்பதால் இருபது பேரை இருத்தலாம் என்று கணக்குப் போட முடியாது. இரண்டு சதுர மேசைகளை ஒட்டினால், ஒட்டிய பக்கத்தில் இரண்டு இடம் போய் ஆறு பேர்தான் இருக்கலாம். எட்டுப் பேருக்கு மூன்று மேசை வேண்டும்.

ஒரு சனிக்கிழமையை எடுத்துக்கொள்வோம். நெடுந்தீவிலிருந்து திரும்பும் எட்டுப் பேர் மூன்று மணிக்குக் கூழ் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து நாலு பேர் ஒன்றரைக்கும், இன்னொரு நாலு பேர் இரண்டேகாலுக்கும் கேட்கிறார்கள். நாலு பேர் சாப்பிட்டு எழும்ப ஒன்றேகால் மணித்தியாலம், மேசை துடைத்து அடுக்கக் கால் மணித்தியாலம் ஆகும். எட்டுப் பேருக்குத் துடைத்து அடுக்குவதையும் சேர்த்து இரண்டு மணித்தியாலம் வேண்டும், ஏனென்றால் எல்லாரும் வந்துசேரும்வரை பரிமாறத் தொடங்க முடியாது. ஒன்றரைக்கு வருகிறவர்கள் எந்த மேசையில் இருந்தாலும் மூன்று மணிக்குள் அது தயார். இரண்டேகாலுக்கு வருகிறவர்களோ மூன்றரைவரை இருப்பார்கள். அவர்களைச் சுவரோரம் தனியாக நிற்கும் நாலாவது மேசையில் இருத்த வேண்டும். நடுவில் இருத்தினால் எட்டுப் பேரின் வரிசை உடைந்துவிடும். முற்பதிவுக் கொப்பியில் நேரத்துக்குப் பக்கத்தில் மேசை இலக்கத்தையும் அப்போதே எழுதுவது இதற்காகத்தான்.

படகில் வருகிறவர்களின் நேரம் அவர்கள் கையில் இல்லை. குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவைக் கடந்து வேலணைக்கு வர அரை மணித்தியாலத்துக்கு மேலாகும். சோளகம் பலமாக அடித்தால் படகே பிந்தும். தரை வழியாக வருகிறவர்களுக்குக் கால் மணித்தியாலம் மேசையை வைத்திருப்பேன், படகில் வருகிறவர்களுக்கு அரை மணித்தியாலம். ஆகவே அந்த மூன்று மேசைகளையும் ஐந்தரைக்கு முன் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை.

கூழுக்கு நான் முற்பணம் வாங்குவதைப் பார்த்து, "ஊர்ச்சனத்திலை நம்பிக்கை இல்லையோ?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். மனிதர்கள் அன்றுபோலத்தான் இருக்கிறார்கள், சமைப்பதுதான் மாறியிருக்கிறது என்றேன். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கயர்ப்பை எடுக்க வேண்டும். மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் ஒரே பானையில் அந்த எட்டுப் பேருக்கென்றே வேகும். ஆறினால் கூழ் இறுகிவிடும். இரண்டு பேர் மேசைக்கு அதை விற்க முடியாது. 2011 இல் சிகாகோவில் தொடங்கிய நெக்ஸ்ட் என்ற உணவகமும், எல்லாருக்கும் ஒரே விருந்தைச் சமைத்து, நாடகத்துக்கு விற்பதுபோல முன்கூட்டியே டிக்கெட் விற்றது.

ஆகவே சோறும் கறியும் கேட்பவர்களிடம் நான் முற்பணம் வாங்குவதில்லை. கூழுக்கு மட்டும் தலைக்கு 1000 ரூபாய், எட்டுப் பேருக்கு 8000. அது பில்லில் கழியும். மீன்காரருக்கு முதல் நாள் மாலை ஆறு மணிக்குச் சொல்லிவிடுவேன், மாவும் அந்நேரம்தான் ஊறத் தொடங்கும். அதற்குமுன் வரவில்லை என்று அறிவித்தால் பணம் முழுவதும் திரும்பிப் போகும். தலைக்கணக்கையும் அந்த நேரத்தில்தான் மறுபடி கேட்பேன், எட்டு ஆறானால் மூன்றாவது மேசை வேறொரு குடும்பத்துக்குக் கிடைக்கும். ஆறு மணிக்குப் பிறகு வராமல் நின்றுகொண்டால் பணம் கடைக்கு. கடல் கொந்தளித்துப் படகுச்சேவை நிறுத்தப்பட்டால் மட்டும், எந்த நேரமானாலும் முழுப் பணமும் அவர்களுக்கே, அந்த நட்டம் என்னுடையது. இவ்வளவையும் பணம் அனுப்புவதற்கு முன்னரே, வங்கிக் கணக்கு இலக்கம் போகிற அதே செய்தியில் எழுதிவிடுகிறேன். பணம் வாங்கிய பிறகு சொல்லும் நிபந்தனை யாருடைய காதிலும் தண்டனையாகத்தான் விழும்.