தட்டு வைத்து அழைக்கிறவர்

கம்ப்யூட்டர் திரையில் நடக்கப்போகிற கூட்டத்துக்கு ஆளை அழைக்க, விழுப்புரத்தில் பஸ் ஏறித் திண்டிவனத்தில் போய் இறங்குகிற மனிதர் ஒருவர் எங்கள் கம்பெனியில் இருக்கிறார். கையில் ஆறு ஆப்பிள், ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. "போன்லயே சொல்லிடலாமே?" என்றால் முகம் சுருங்கிவிடும். "போன்ல கூப்பிட்டா அது கூப்பிடறதா? தகவல் சொல்றது!" நாங்கள் அவரை 'நிகழ்ச்சி' என்றுதான் குறிப்பிடுவோம். "நிகழ்ச்சி எங்கப்பா காணோம்?" "திண்டிவனம் போயிருக்கார் சார்."

நாங்கள் நிலக்கடலை வாங்கி, உடைத்து, பருப்பாக விற்கிறவர்கள். எங்களுக்குத் திண்டிவனம் என்றால் புளிய மரத்துக்கு முன்னால் கடலைதான் ஞாபகம் வரும். அங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ரகங்களுக்கு ஊரின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி 'டிஎம்வி' என்று பெயர் வைத்தார்கள். 1940-இல் வந்த டிஎம்வி 2 பல தலைமுறை விவசாயிகளைப் பார்த்துவிட்டது. அந்த வட்டாரத்தில் கடலையோடேயே வாழ்ந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை எங்கள் வெபினாரில் பேச வைப்பது என்று முடிவானது. நிகழ்ச்சி தட்டோடு கிளம்பினார்.

திரும்பி வந்தவர் நடந்ததை அப்படியே சொன்னார். அவருக்கு அதில் எந்தக் கோளாறும் தெரியவில்லை.

"தலைப்பு என்ன?" என்று பெரியவர் கேட்டிருக்கிறார்.

"கடலைங்க ஐயா. நீங்க எதைப் பேசினாலும் நல்லாத்தான் இருக்கும்."

"எத்தனை பேர் கேப்பாங்க?"

"ஐநூறு பேருங்க."

"யாரு அவங்க?"

"எல்லாருந்தாங்க."

"என்னைக்கு?"

"உங்க வசதிதாங்க ஐயா எங்க வசதி."

பணத்தைப் பற்றிப் பெரியவர் கேட்கவில்லை. இவராகவே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "மத்ததெல்லாம் சிறப்பாப் பண்ணிடுவோம்" என்றிருக்கிறார். பெரியவர் ஆப்பிளை வாங்கி உள்ளே கொடுத்துவிட்டு, "இதையெல்லாம் ஒரு கடிதமா எழுதி அனுப்புங்க, பாக்கலாம்" என்று வாசல் வரை வந்து வழியனுப்பியிருக்கிறார்.

கடிதம் எழுதும் வேலை கணக்குப் பிரிவில் இருக்கும் என் தலையில் விழுந்தது.

தலைப்பை நிகழ்ச்சி தயாராக வைத்திருந்தார்: 'நிலக்கடலை: நேற்று, இன்று, நாளை'. அவர் வைக்கும் எல்லாத் தலைப்பிலும் நேற்றும் நாளையும் உண்டு. போன தடவை அது ஜிஎஸ்டி. நான் குடோன் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, இந்த வருஷம் நம் சரக்கு எதற்காகத் திரும்பி வந்தது என்று கேட்டேன். பூஞ்சாணம் என்றார். அறுவடைக்குப் பின் காயாய் இருக்கும்போது ஈரத்தை எட்டு சதவீதத்துக்கு இறக்காமல் மூட்டை கட்டினால் உள்ளே ஆஸ்பெர்ஜில்லஸ் வளர்ந்து, அஃப்லடாக்சின் என்கிற நஞ்சை விட்டுவிடும். வறுத்தாலும் அது முழுசாகப் போகாது. பருப்பைப் பார்த்து மட்டும் கண்டுபிடிக்கவும் முடியாது. சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால்தான் தெரியும். ஆகவே தலைப்பு 'களத்திலிருந்து குடோன் வரை: கடலையில் ஈரமும் பூஞ்சாணமும்' என்று மாறியது. "இதுல நாளையே இல்லையே" என்று நிகழ்ச்சி வருத்தப்பட்டார்.

அடுத்தது ஐநூறு. அது எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், அவர் இருக்கும் இரண்டு வாட்சப் குழுக்களின் தலை எண்ணிக்கை. அதில் ஒன்று குலதெய்வக் கோயில் கமிட்டி. போன கூட்டத்துக்கு இருநூற்றுப் பத்துப் பேர் பெயர் கொடுத்தார்கள். உள்ளே வந்தவர்கள் எழுபத்து நாலு. கேள்வி நேரத்தில் மிச்சம் முப்பத்தொன்று, அதில் நாலு பேர் தூங்கிவிட்டதால் வெளியேறாதவர்கள். அது மட்டுமில்லை. காசு கட்டாத ஜூம் கணக்கில் நூறு பேருக்கு மேல் நுழைய முடியாது, நாற்பது நிமிஷத்தில் கூட்டம் தானே முடிந்துவிடும். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் ஐநூறு பேரை ஒன்றரை மணி நேரம் உட்காரவைக்கத் திட்டம்.

பேசுகிறவருக்கு எண்ணிக்கையைவிட ஆள் யார் என்பதுதான் முக்கியம். விவசாயிக்கு, காயை ஆட்டிப் பார்த்தால் உள்ளே பருப்பு குலுங்குகிறதா என்று சொல்லவேண்டும். தரக்கட்டுப்பாட்டு ஆளுக்குப் பரிசோதனை அளவைச் சொல்லவேண்டும். கலந்து உட்காரவைத்தால் இரண்டு பேருக்கும் பாதிதான் போய்ச் சேரும். எங்கள் கொள்முதல் ஏஜெண்டுகள் முப்பத்தைந்து பேர், குடோன் ஆட்கள் பன்னிரண்டு பேர், எங்களுக்குத் தொடர்ந்து சரக்குக் கொடுக்கும் விவசாயிகள் எண்பது பேர் என்று எழுதினேன். 'அழைப்பது 127 பேர், வருவார்கள் என்று எதிர்பார்ப்பது 60' என்பதைப் படித்தபோது நிகழ்ச்சியின் கண் கலங்கியது. "நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு இப்படி எழுதுவோமா சார்?"

தேதியில் அவர் கெட்டிக்காரர், ஒப்புக்கொள்ளவேண்டும். முகூர்த்த நாள் எல்லாம் விரல் நுனியில். ஆனால் காலை பதினொரு மணி என்றார். அந்நேரம் ஏஜெண்டுகள் எல்லாம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டைகளுக்கு நடுவே நிற்பார்கள். இரவு ஏழு என்று மாற்றினோம். மாதப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாள் இரு ஊரிலும் வேறு வேறு என்பதால் பேப்பர் பார்த்து அதையும் தவிர்த்தோம். முந்தின நாள் பத்து நிமிஷம் ஒத்திகை என்றும் சேர்த்தோம்.

கடைசியில் மதிப்பூதியம். நிகழ்ச்சி 'தகுந்த சன்மானம்' என்று எழுதியிருந்தார். "பெரியவங்ககிட்ட ரேட்டு எழுதறதா?" என்று அவருக்கு உடம்பே கூசியது. எழுதாவிட்டால் ஒருவர் சால்வை என்று நினைப்பார், இன்னொருவர் இருபதாயிரம் என்று நினைப்பார், கூட்டம் முடிந்தபின் இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். நான் ரூ. 5,000 என்று எழுதினேன். வருமான வரி பிடிக்கவேண்டுமே என்று பயந்தார். தொழில்முறைக் கட்டணம் ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் ரூ. 50,000-ஐத் தாண்டினால்தான் பத்து சதவீதம் பிடிக்கவேண்டும். 2025 ஏப்ரலுக்கு முன் அந்த வரம்பு ரூ. 30,000. இங்கே முழுத்தொகையும் போகும், பான் எண்ணும் வங்கி விவரமும் வாங்கிக்கொண்டால் போதும். பெரியவர் ஓய்வு பெற்றவர். பணியில் இருக்கும் விஞ்ஞானி என்றால் கடிதம் அவருடைய நிலையத் தலைவருக்குப் போகவேண்டும், அனுமதி வந்தபிறகுதான் பணப்பேச்சு.

கடைசியாகப் போனது இவ்வளவுதான்: தலைப்பு, கேட்பவர் யார், எத்தனை பேர், நாள், நேரம், பேச்சு 40 நிமிஷம், கேள்வி 15, மதிப்பூதியம் ரூ. 5,000, பணம் ஏழு நாளில், பேச்சின் பதிவு எங்கள் ஆட்களுக்கு மட்டும். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. சம்மதம், கேள்விக்கு மட்டும் இருபத்தைந்து நிமிஷம் வேண்டும், விவசாயிகள் விடமாட்டார்கள் என்றிருந்தார்.

அன்றிரவு அறுபத்து மூன்று பேர் வந்தார்கள். பேச்சு முடிந்ததும் நிகழ்ச்சி திரையில் தோன்றினார். முந்தின வாரமே கூரியரில் ஒரு பொன்னாடையைத் திண்டிவனத்துக்கு அனுப்பியிருக்கிறார், எங்கள் யாரிடமும் சொல்லாமல். "அம்மா இருக்காங்களா? அவங்க கையாலேயே போர்த்திடச் சொல்லுங்க ஐயா." அம்மா கை துடைத்துக்கொண்டு வந்தார், போர்த்தினார், எல்லோரும் கை தட்டினோம். மைக் மூடியிருந்ததால் சத்தம் கேட்கவில்லை. படம் விழவில்லை என்று இன்னொரு முறை போர்த்தச் சொன்னார். மூன்றாவது முறை அம்மா கேமராவைப் பார்த்து, "தம்பி, அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்றார்.