சார்ட் மாப்பிள்ளை

மாமியார் டிஸ்சார்ஜ் ஆகி வீடு வந்த அன்றே மடிக்கணினியைத் திறக்கும் மாப்பிள்ளை எந்தக் குடும்பத்திலும் ஒருவர் உண்டு. பெரும்பாலும் வங்கியில் ஓய்வு பெற்றவராக இருப்பார். "சீட்டைக் கொடுங்க, சார்ட் போட்டுடலாம்" என்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எக்செலில் 1-0-1 ஒழுங்காக உட்காரும். வலி மாத்திரைக்கு 1-1-1 என்று அடித்ததும் கட்டத்தில் 2001 ஜனவரி 1 வந்து நிற்கும்; எக்செல் அதைத் தேதி என்று எடுத்துக்கொள்கிறது. மாமியாருக்கு இருபதாண்டுக்கு முந்தைய மாத்திரையா என்று மனைவி கேட்பார். கட்டத்தை முன்கூட்டியே Text என்று மாற்றிவிட்டால் இந்த வம்பு இல்லை.

அடுத்து அட்டைகளைப் படம் பிடிக்கும் வைபவம். வெள்ளித்தாளில் டியூப்லைட் பளிச்சிடும். மருந்துக்கடைக்காரர் கத்தரித்துக் கொடுத்த துண்டில் பாதிப் பெயர்தான் இருக்கும். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படிப்பார் மாப்பிள்ளை. இந்த இடத்தில் அவரைக் கும்பிடத்தான் வேண்டும். புதிய ரத்த அழுத்த மாத்திரையின் அட்டையில் டெல்மிசார்ட்டான் 40 மில்லிகிராமும் ஆம்லோடிபின் 5 மில்லிகிராமும் சேர்ந்திருந்தன. மாமியாரின் பழைய டப்பாவிலோ வேறு பெயரில் ஆம்லோடிபின் தனியாக இருந்தது. பெயரை மட்டும் பார்த்திருந்தால் இரண்டும் சார்ட்டில் ஏறி, அழுத்தம் இறங்கி, தலைசுற்றி மாமியார் விழுந்திருக்கலாம். மாப்பிள்ளை தானாக எதையும் அடிக்கவில்லை. டாக்டரிடம் கேட்ட பிறகே பழையதை நிறுத்தினார்.

தைராய்டு மாத்திரையும் கால்சியமும் சீட்டில் 1-0-0 என்றே இருந்தன. இரண்டையும் சார்ட்டில் காலை ஆறு மணிக்குப் போட்டுவிட்டார் மாப்பிள்ளை. கால்சியம் தைராய்டு மருந்தை உடலில் சேரவிடாது, நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்றார் மருந்தாளுநர். டாக்டரும் சரி என்றதால் கால்சியம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று மாறியது.

மாமியாரைப் பார்த்துக்கொள்ள வந்த அக்காவிடம் ஏழு நிறத்தில் அச்சான சார்ட்டை நீட்டினார்.

"சார், இதுல மாத்திரை வரிசையா இருக்கு. எனக்கு மணி வரிசையா வேணும். ஆறு மணிக்கு எது, டிபனுக்கு முன்னாடி எது, பின்னாடி எதுன்னு எழுதுங்க. கொடுத்ததும் டிக் போட ஒரு கட்டம் விடுங்க."

மாப்பிள்ளையின் முகம் தணிக்கை அதிகாரியைக் கண்ட கிளை மேலாளர் முகமானது. ஆனாலும் அன்றிரவே உட்கார்ந்து திருப்பிப் போட்டார். மறுநாள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியதில் நிறமே இல்லை. வாரம் ஒருமுறை விட்டமின் டி மட்டும் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் தனியாக நின்றது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் தடுக்காதீர்கள். சார்ட்டின் தலையில் தேதி போடச் சொல்லுங்கள். டாக்டர் மருந்தை மாற்றிய அன்றே பழையதைக் கிழித்துப் போடுங்கள்.