கோட்டுக்குக் கொப்புளம்!

கேள்வி: கல்யாண வரவேற்புக்குத் தைத்த கோட்டை வீட்டிலேயே துவைத்தேன். மார்புப் பக்கம் கொப்புளம் கொப்புளமாக இருக்கிறது. லைனிங்கை மாற்றினால் சரியாகுமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: பாவம், லைனிங்கின் மேல் பழி போடாதீர்கள்! உள்ளே வழுவழுவென்று கண்ணுக்குத் தெரிவதுதான் லைனிங். அதற்கும் முன்விளிம்புக்கும் நடுவே, கோட்டுத் துணியிலேயே வெட்டி வைத்த அகலப் பட்டி ஃபேசிங். குற்றவாளி இரண்டுக்கும் பின்னால் ஒளிந்திருக்கிறார். அவர்தான் ஃபியூசிங், மார்புப் பக்கம் விறைப்பாக நிற்க மேல்துணியின் உட்புறம் ஒட்டும் துணி.

அதன் ஒரு பக்கம் பொடிப்பொடியாகப் பசைப் புள்ளிகள் இருக்கும். சுமார் 130 முதல் 150 டிகிரி சூட்டில், பத்துப் பதினைந்து விநாடி, ஒரே சீராக அழுத்தினால்தான் அவை உருகிப் பிடிக்கும். இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்த்தால் அங்கங்கே விட்டுப்போகும். தண்ணீரில் மேல்துணி ஒரு அளவும் ஃபியூசிங் வேறு அளவும் சுருங்கினால், பிடி விட்ட இடம் உப்பும்.

உப்பிய இடத்தில் மேல்துணியை மட்டும் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். கீழே இன்னொரு படலம் தனியே நழுவினால் பசை விட்டுவிட்டது. ஈரத்துணி போட்டு அழுத்தினால் தற்காலிகமாக ஒட்டலாம், நிலைக்காது. நிரந்தரத் தீர்வு, முன்பாகத்தைப் பிரித்து, ஃபியூசிங்கை மாற்றி மறுபடி தைப்பதுதான்.

டெய்லரிடம், “மார்புப் பக்கம், மேல்துணியிலிருந்து ஃபியூசிங் விட்டிருக்கிறது, லைனிங்கும் ஃபேசிங்கும் நன்றாக இருக்கின்றன” என்று சொல்லுங்கள். அடுத்த கோட்டுக்கு, அதே துணியின் சிறு துண்டில் ஒட்டி, நனைத்து, காயவைத்துப் பார்த்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். உப்புவதாக இருந்தால் அந்தத் துண்டே உப்பட்டும்!